எழுமாறான நாண், முக்கோணியின் பக்கம், மூன்று விடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தரக் கணிதம் படிப்போரும் படிப்பிப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாக் கணக்குக்கும் ஒரே வட்டத்தையே வைத்துக்கொள்கிறோம்: ஆரை 20 செ.மீ., விட்டம் 40 செ.மீ.

கேள்வி என்ன என்று முதலில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

வட்டத்துக்குள் ஒரு சமபக்க முக்கோணியை, மூன்று உச்சிகளும் பரிதியில் படும்படி வரைகிறோம். பிறகு அதே வட்டத்தில் எழுமாறாக ஒரு நாண் எடுக்கிறோம். அந்த நாண் முக்கோணியின் பக்கத்தைவிட நீளமாக இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு?

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் பேர்ட்ரன்ட் 1889இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலில் இதைக் கேட்டு, மூன்று வழியில் மூன்று விடை எடுத்துக் காட்டினார். மூன்றில் எதையும் அவர் பிழை என்று சொல்லவில்லை, எதையும் சரி என்றும் சொல்லவில்லை. கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை என்றார். இதைத்தான் பேர்ட்ரன்ட் முரண்பாடு என்கிறார்கள்.

ஒவ்வொரு நாணையும் அடிமட்டம் வைத்து அளக்கத்தான் வேண்டுமா? பார்த்தவுடன் சொல்ல வழி இல்லையா?

இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதும் அந்த வழியையே பிடித்துக்கொண்டு போகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

கவராயத்தை 20 செ.மீ. திறந்து வட்டத்தை வரையுங்கள். திறப்பை மாற்றாமல் பரிதியில் ஆறு புள்ளிகளை வெட்டுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று புள்ளிகளை இணைத்தால் முக்கோணி கிடைக்கும். அதன் பக்கம் 20√3, அதாவது 34.64 செ.மீ. மையத்திலிருந்து ஏதாவது ஒரு பக்கத்துக்குச் செங்குத்து விடுங்கள். அதன் நீளம் சரியாக 10 செ.மீ., ஆரையின் பாதி.

ஒரு நாணின் நீளம், மையத்திலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தை மட்டுமே பொறுத்தது. அந்தத் தூரத்தை d என்போம். பைதகரசின்படி நாணின் நீளம் 2√(400 − d²). d கூடினால் நாண் குறுகும். ஆகவே d 10 செ.மீ.க்குக் குறைவென்றால் நாண் பக்கத்தைவிட நீளம், கூடினால் குறைவு. அதே மையத்தில் 10 செ.மீ. ஆரையோடு இன்னொரு வட்டத்தை உள்ளே வரைந்துவிட்டால் அளக்கவே தேவையில்லை. உள்வட்டத்தை வெட்டும் நாண் நீளமானது, வெட்டாதது குட்டையானது. நாண் எந்தத் திசையில் கிடக்கிறது என்பது கணக்கில் வரவே வராது.

சரியாக 10 செ.மீ.யில் விழுந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பதுண்டு. கீழே வரும் எல்லா முறையிலும் அதற்கான நிகழ்தகவு பூச்சியம். எந்தப் பக்கம் சேர்த்தாலும் விடை மாறாது.

பாடசாலையில் 1/3 என்றார்கள், ரியூசனில் 1/2, இணையத்தில் ஒரு இடத்தில் 1/4. யார் சொன்னது பிழை?

யாரும் பிழை சொல்லவில்லை. மூவரும் மூன்று விதமாக நாண் எடுத்திருக்கிறார்கள்.

*முறை அ: பரிதியில் இரண்டு புள்ளிகள்.* பரிதியில் எழுமாறாக ஒரு புள்ளி, பிறகு இன்னொரு புள்ளி, இரண்டையும் இணைக்கிறோம். முதற்புள்ளியை முக்கோணியின் ஒரு உச்சியாக எடுத்தால், மற்ற இரண்டு உச்சிகளும் பரிதியை மூன்று சம வில்களாகப் பிரிக்கும். இரண்டாம் புள்ளி எதிரே உள்ள வில்லில் விழுந்தால் மட்டுமே நாண் பக்கத்தைவிட நீளும். மூன்றில் ஒரு வில், ஆகவே 1/3.

*முறை ஆ: ஆரையின்மேல் ஒரு புள்ளி.* ஏதாவது ஒரு ஆரையை எடுத்து, அதன்மேல் எழுமாறாக ஒரு புள்ளியைக் குறித்து, அந்தப் புள்ளியில் ஆரைக்குச் செங்குத்தாக நாண் வரைகிறோம். மையத்திலிருந்து புள்ளிக்குள்ள தூரமே d. அது 20 செ.மீ.க்குள் சீராகப் பரவியிருக்கிறது, 10க்குள் விழவேண்டும். விடை 1/2.

*முறை இ: வட்டத்துக்குள் ஒரு நடுப்புள்ளி.* வட்டத்தின் பரப்பில் எங்காவது எழுமாறாக ஒரு புள்ளி. அதை நடுப்புள்ளியாகக் கொண்ட நாணை வரைகிறோம். புள்ளி 10 செ.மீ. உள்வட்டத்துக்குள் விழவேண்டும். உள்வட்டத்தின் பரப்பு 100π, முழுப் பரப்பு 400π, விடை 1/4.

மூன்று கணக்கிலும் ஒரு வரி பிழை கிடையாது. "எழுமாறாக" என்ற சொல்லை மூவரும் வேறு வேறு பொருளின்மேல் ஏற்றியிருக்கிறார்கள்: ஒருவர் கோணத்தின்மேல், ஒருவர் தூரத்தின்மேல், ஒருவர் பரப்பின்மேல்.

கோணமோ தூரமோ, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புத்தானே கொடுக்கிறோம்? பிறகெப்படி மாறும்?

ஒன்றுக்குச் சமமாகக் கொடுத்தால் மற்றதற்குச் சமமில்லாமல் போகும். எண்களை வைத்தே பார்க்கலாம்.

முறை அவில் நாணின் இரு முனைகளும் மையத்தில் ஒரு கோணம் அமைக்கும். அதன் பாதியை α என்போம். α 0°யிலிருந்து 90° வரை சீராகப் பரவியிருக்கிறது. தூரம் d = 20 cos α. இப்போது αவை மூன்று சம துண்டாக வெட்டுங்கள்.

α 0°யிலிருந்து 30° வரை போகும்போது d 20இலிருந்து 17.32க்கு மட்டுமே இறங்கும், வெறும் 2.68 செ.மீ. 30°யிலிருந்து 60° வரை d 17.32இலிருந்து 10க்கு இறங்கும், 7.32 செ.மீ. கடைசி 60°யிலிருந்து 90° வரை முழு 10 செ.மீ.யும் இறங்கும். இந்த மூன்று துண்டுக்கும் முறை அ தருவது ஆளுக்கு 1/3. அதாவது பரிதியை ஒட்டிய 2.68 செ.மீ. ஒடுக்கமான பட்டைக்குள் மூன்றில் ஒரு பங்கு நாண்களை நெருக்கி வைக்கிறது.

அதே மூன்று பட்டைக்கு முறை ஆ அகலத்தின்படியே பங்கு பிரிக்கும்: 0.134, 0.366, 0.5. முறை இ பரப்பின்படி பிரிக்கும்: 1/4, 1/2, 1/4.

பகடைக்கு ஆறு முகம். "எல்லாம் சமம்" என்றால் ஆளுக்கு 1/6, விவாதத்துக்கு இடமில்லை. நாண்களோ முடிவிலி. எண்ணிப் பங்கிட முடியாது, எதையாவது ஒரு அளவை வைத்துத்தான் பங்கிடவேண்டும். அந்த அளவு எது என்று கேள்வி சொல்லாதபோது, விடை எழுதுபவர் தானே ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். பெரும்பாலும் தெரிந்துகொண்டதே தெரியாமல்.

சார்பாக எழுத விரும்புவோருக்கு, ஆரையை 1 என்று கொண்டால், dயின் அடர்த்திச் சார்பு முறை அவுக்கு 2/(π√(1 − d²)), முறை ஆவுக்கு 1, முறை இக்கு 2d. மூன்றையும் 0இலிருந்து 1/2 வரை தொகையிட்டால் 1/3, 1/2, 1/4 வந்து நிற்கும்.

அப்படியென்றால் 1/3 தரும் முறையில் நாண்கள் 1/4 தரும் முறையைவிடச் சராசரியாக நீளமாக இருக்கும், சரியா?

இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இது. நம் வட்டத்தில் நாணின் இடைநீளம் முறை அவில் 80/π, அதாவது 25.5 செ.மீ. முறை இயில் 80/3, அதாவது 26.7 செ.மீ. நீளமான நாண்களின் பங்கு அவில் அதிகம், இடையோ இயில் அதிகம்.

காரணம் மேலே பார்த்த ஒடுக்கமான பட்டைதான். முறை அ மையத்துக்கு அருகே நிறையக் கொடுக்கிறது, பரிதி ஓரத்திலும் நிறையக் கொடுக்கிறது. ஆரையைவிடக் குட்டையான நாண்கள், அதாவது 20 செ.மீ.க்குக் குறைந்தவை, அதில் மூன்றில் ஒரு பங்கு. முறை இயில் நாலில் ஒன்றுதான். முறை ஆவில் சுமார் 13 சதவீதம் மட்டுமே, அதனால் அங்கே இடை 10π, அதாவது 31.4 செ.மீ. வரை ஏறுகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பரிசோதனை வேண்டும். எதை எறிவது, எத்தனை தரம்?

நாணை வட்டத்தின்மேல் எறிவதைவிட, வட்டத்தைக் கோட்டின்மேல் எறிவது நல்லது. ரைல்ஸ் பதித்த விறாந்தை இருந்தால் போதும்.

ரைல்ஸின் பக்கத்தை முதலில் அளவுங்கள். 60 செ.மீ. என்றால் கெட்டியான காட்போட்டில் 20 செ.மீ. ஆரையுள்ள தட்டு ஒன்று வெட்டுங்கள். 30 செ.மீ. ரைல்ஸ் என்றால் ஆரையை 10 செ.மீ. ஆக்குங்கள். தட்டின் விட்டம் இரண்டு இணைப்புக் கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மீறக்கூடாது. மீறினால் ஒரே எறிதலில் இரண்டு கோடு வெட்டும், எண்ணுவது குழம்பும். தட்டு வளைந்திருந்தால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒரு இரவு புத்தகக் கட்டின் கீழே வைத்து நேராக்குங்கள்.

ரைல்ஸ் கோடுகள் இரண்டு திசையில் ஓடும். ஒரு திசையை மட்டும் எடுங்கள், மற்றத் திசைக் கோடுகளைக் கண்டுகொள்ளவேண்டாம். தட்டை இடுப்பு உயரத்திலிருந்து சுழற்றி எறியுங்கள். எந்தக் கோட்டையும் குறி வைக்கக்கூடாது. கோடு தட்டின் கீழே ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியே வந்தால் அதுவே நாண். அளக்க அடிமட்டம் தேவையில்லை: 34.6 செ.மீ. நீளத்துக்கு ஒரு ஈர்க்கை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், தட்டின் ஆரை 10 செ.மீ. என்றால் 17.3 செ.மீ. நீளத்துக்கு. கோடு நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் இடையே ஈர்க்கு அடங்கினால் நீளம், அடங்காவிட்டால் குட்டை. இணைப்பு 2, 3 மி.மீ. அகலமாக இருக்கும், அதன் நடுவையே கோடாக எடுங்கள். தட்டு சுவரில் முட்டினால், நீளமா குட்டையா என்று பார்ப்பதற்கு முன்பே அந்த எறிதலைக் கைவிடுங்கள். பார்த்த பிறகு கைவிடத் தொடங்கினால், நமக்கு விருப்பமான விடை மெல்ல உள்ளே வந்துவிடும்.

300 தரம் எறிந்தால் சுமார் 200 தரம் கோடு வெட்டும், ஏனென்றால் வெட்டும் நிகழ்தகவு 40/60. முதலில் இந்த எண்ணையே சோதியுங்கள். 184க்கும் 216க்கும் இடையே இல்லாவிட்டால் எறிதல் சீராகப் பரவவில்லை என்று சந்தேகிக்கலாம். 200 நாண் கிடைத்தால் நீளமானவை 86க்கும் 114க்கும் இடையே வரும். இருபது பரிசோதனைக்கு ஒன்று இந்த எல்லைக்கு வெளியே போவது சாதாரணம். முறை அ பொருந்தினால் 67ஐ ஒட்டியும் முறை இ பொருந்தினால் 50ஐ ஒட்டியும் வந்திருக்கவேண்டும். இவ்வளவு இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

1/2 ஏன் வருகிறது? தட்டின் மையத்துக்கும் கிட்டிய கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் 0இலிருந்து 30 செ.மீ. வரை சீராகப் பரவுகிறது. அதில் 20க்குள் வருபவை நாண்கள், அவற்றில் பாதி 10க்குள். இது முறை ஆவேதான்.

உப்புவெளி மணலில் 20 செ.மீ. ஆரை வட்டம் கீறி 60 செ.மீ. ஈர்க்குகளை எறிந்தோம். நீளமானவை 38 சதவீதம்தான். அப்படியென்றால் 1/3 தானே சரி?

இல்லை. ஈர்க்கு போதிய நீளமில்லை, அதுதான் விஷயம். இரண்டு முனையும் வட்டத்துக்கு வெளியே நிற்கும் எறிதல்களை மட்டும்தானே எண்ணினீர்கள்? அந்தத் தெரிவிலேயே சாய்வு இருக்கிறது.

ஈர்க்கு கிடக்கும் நேர்கோடு வட்டத்தை c நீள நாணாக வெட்டுகிறது என்போம். இரு முனையும் வெளியே நிற்கவேண்டுமானால் ஈர்க்கு அந்தக் கோட்டின் வழியே முன்னும் பின்னும் நகர்ந்து கிடக்கக்கூடிய இடம் 60 − c. மையத்தின் வழியே போகும் 40 செ.மீ. நாணுக்கு அந்த இடம் 20 செ.மீ. ஓரத்திலுள்ள 10 செ.மீ. நாணுக்கோ 50 செ.மீ. குட்டை நாண்கள் இரண்டரை மடங்கு சலுகையோடு எண்ணிக்கைக்குள் வருகின்றன. இந்த நிறையை வைத்துத் தொகையிட்டால் எதிர்பார்க்கவேண்டிய விடை 0.380. நீங்கள் எடுத்தது அதேதான். 1/3க்குக் கிட்ட வந்தது தற்செயல்.

ஈர்க்கை 1 மீற்றராக்கினால் 0.450 ஆகும். அதைவிட எளிது, 60 செ.மீ. ஈர்க்கையே வைத்துக்கொண்டு வட்டத்தின் ஆரையை 5 செ.மீ. ஆக்குவது: 0.484. அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஜேன்ஸ் இந்தப் பரிசோதனையைச் செய்தபோது வட்டத்தின் விட்டம் 5 அங்குலம்தான். நின்றபடி விளக்குமாற்றுத் துரும்புகளை எறிந்து, வெற்றியான 128 எறிதல்களைக் கணக்கெடுத்தார். நாணின் நீளங்கள் முறை ஆவின் பரம்பலோடு நன்றாகவே பொருந்தின.

வட்டத்தைத் தொட்ட ஈர்க்கு எல்லாவற்றையும் எண்ணி, முனை உள்ளே நின்றால் கோட்டை நீட்டிக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். அப்போது சாய்வு மறுபக்கம் போகும், நிறை 60 + c ஆகும், விடை 0.537.

வேறு இரண்டு விஷயத்தையும் கவனியுங்கள். நுனிப்பக்க ஈர்க்கு வளையும், வளைந்த ஈர்க்கு நேர்கோடு அல்ல. அடிப்பக்கத்தையே வெட்டி எடுங்கள். மற்றது குறி வைத்தல். வட்டத்தின் மையத்தை நோக்கி எறிந்து, கைபிசகு ஆரையளவே, அதாவது நியம விலகல் 20 செ.மீ. என்றிருந்தால், முடிவிலி நீளக் கோட்டுக்குக்கூட விடை 0.56 ஆகிவிடும். பிசகு 60 செ.மீ. என்றால் 0.507. பிடிவாதமாகக் குறி வைக்காமல் எறிவதே நல்லது.

கச்சான் காற்று எல்லா ஈர்க்கையும் ஒரே திசையில் திருப்பிவிடுகிறதே என்று கவலைப்படவேண்டாம். திசை கணக்கில் வருவதில்லை என்று முன்பே பார்த்தோம். காற்று ஈர்க்கை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்பதுதான் முக்கியம்.

கணினியில் எழுதினால் முறை இக்கும் 0.5 வருகிறது. எங்கே பிழை?

பெரும்பாலும் ஒரு வர்க்கமூலம் விடுபட்டிருக்கும். வட்டத்தின் பரப்பில் சீராகப் புள்ளி எடுக்கவேண்டுமானால் மையத்திலிருந்துள்ள தூரத்தைச் சீராக எடுக்கக்கூடாது. அப்படி எடுத்தால் மையத்துக்கு அருகே புள்ளிகள் நெருங்கிவிடும், நீங்கள் எழுதியது முறை ஆவாக மாறிவிடும். 0க்கும் 1க்கும் இடையே எடுத்த எழுமாற்று எண்ணின் வர்க்கமூலமே சரியான தூரம்.

```python
import math, random
N = 100000
s = math.sqrt(3)

def A():
    t = random.uniform(0, 2*math.pi)
    u = random.uniform(0, 2*math.pi)
    return 2*abs(math.sin((t - u)/2))

def B():
    d = random.random()
    return 2*math.sqrt(1 - d*d)

def C():
    d = math.sqrt(random.random())
    return 2*math.sqrt(1 - d*d)

for f in (A, B, C):
    print(f.__name__, sum(f() > s for _ in range(N))/N)
```

இங்கே ஆரை 1. A, B, C என்பவை முறை அ, ஆ, இ. ஒரு லட்சம் நாணுக்கு விடை 0.333, 0.500, 0.250 ஆகியவற்றிலிருந்து 0.003 அளவில் மேலும் கீழும் ஆடலாம். அதைவிட அதிகம் விலகினால் குறியீட்டைத் திரும்பப் பாருங்கள்.

நான் வட்டத்துக்குள்ளேயே இரண்டு புள்ளி எடுத்து, இணைத்து, இருபக்கமும் பரிதி வரை நீட்டினேன். கிட்டத்தட்ட 0.75 வந்தது. இது என்ன கணக்கு?

அது நான்காவது முறை, அதன் விடை 1/3 + 3√3/(4π), அதாவது 0.7468. உங்கள் குறியீடு சரியாகத்தான் இருக்கிறது. நீளமான நாணின்மேல் இரண்டு புள்ளிகள் ஒன்றாக விழுவதற்கு இடம் அதிகம். முறை ஆவோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு நாணும் தன் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமாகக் கூடுதல் நிறை பெறுகிறது. உள்ளே ஒரு புள்ளியும் எழுமாறான ஒரு திசையும் எடுத்து அந்த வழியே நாண் வரைந்தால் நிறை நீளத்துக்கே விகிதசமம், விடை 1/3 + √3/(2π), அதாவது 0.609.

இப்படி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். மேலே உள்ள குறியீட்டில் `d = random.random()**k` என்று போட்டால் விடை 2^(−1/k). k = 1 முறை ஆ, k = 1/2 முறை இ. kஐத் திருகி 0க்கும் 1க்கும் இடையே எந்த விடையையும் எடுக்கலாம். 0.9 வேண்டுமென்றால் k = 6.58.

ஜேன்ஸ் என்பவர் 1/2 தான் சரி என்று நிறுவிவிட்டதாகப் படித்தேன். பிறகேன் இன்னும் முரண்பாடு என்கிறார்கள்?

1973இல் வெளியான கட்டுரையில் ஜேன்ஸ் வைத்த வாதம் இது. வட்டம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எப்படித் திரும்பியிருக்கிறது என்று கேள்வி சொல்லவில்லை. ஆகவே வட்டத்தைச் சற்று நகர்த்தினாலோ, பெருப்பித்தாலோ, சுழற்றினாலோ விடை மாறக்கூடாது. இந்த மூன்று நிபந்தனையையும் நிறைவேற்றும் பரம்பல் ஒன்றே ஒன்றுதான், அது முறை ஆ.

இதில் நகர்த்தல் நிபந்தனைதான் உண்மையில் வேலை செய்கிறது. கையால் சோதிக்கலாம். நம் 20 செ.மீ. வட்டத்துக்குள் 5 செ.மீ. ஆரையுள்ள சிறிய வட்டம் ஒன்றை வையுங்கள். பெரிய வட்டத்தின் நாண்களில் எத்தனை பங்கு சிறியதையும் வெட்டுகிறது?

முறை ஆவில் சிறிய வட்டத்தை மையத்தில் வைத்தாலும் பரிதியை உள்ளே தொடும்படி ஓரத்தில் வைத்தாலும் விடை சரியாக 25 சதவீதம், இரண்டு பரிதிகளின் விகிதம். இடம் எதுவென்றாலும் அதுதான். முறை இயிலோ மையத்தில் வைத்தால் 6.25 சதவீதம், ஓரத்தில் வைத்தால் 24.3 சதவீதம். நடுவில் நாண்கள் ஐதாகவும் ஓரத்தில் நெருக்கமாகவும் கிடக்கின்றன என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது. முறை அவும் மையத்தில் வெறும் 16 சதவீதம் தந்து ஓரத்துக்குப் போகப் போகக் கூடும். அ, இ இரண்டுக்கும் வட்டம் எங்கே இருக்கிறது என்று "தெரிந்திருக்கிறது". அந்த வட்டத்துக்கென்றே செய்த நாண்கள் அவை.

ஆகவே, வட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத நேர்கோடுகள் எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுகின்றன என்றால் 1/2 என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ரைல்ஸ் கோடும் அப்படித்தான். ஆனால் பேர்ட்ரன்டின் கேள்வி அப்படியொரு நிலைமையைச் சொல்லவில்லை. வட்டமான கிணற்றுக் கட்டின்மேல் இரண்டு பேர் எழுமாறாக இரண்டு இடத்தில் நின்று கயிறு பிடித்தால், அந்தக் கயிறு முறை அவின் நாண், விடை 1/3. மாரி மழையின் முதல் துளிகள் காட்போட் தட்டில் விழும் இடங்களை நடுப்புள்ளியாக எடுத்தால் முறை இ, விடை 1/4. இவற்றை நகர்த்தல் நிபந்தனையைக் காட்டிப் பிழை என்று தள்ள முடியாது, அங்கே நாண்கள் அந்த வட்டத்துக்கென்றே பிறந்தவை. எந்த நிபந்தனையைக் கேள்விக்குள் வாசிக்கிறோம் என்பதும் ஒரு தெரிவுதான். ஜேன்ஸுக்கு வந்த மறுப்புகளும் இந்த இடத்தையே பிடித்தன.

முறை இயில் நடுப்புள்ளி சரியாக மையத்திலேயே விழுந்தால்? எண்ணற்ற விட்டங்கள் வருமே.

வரும். வட்டத்தின் மற்ற எந்தப் புள்ளிக்கும் ஒரே நாண், மையத்துக்கு மட்டும் முடிவிலி. ஆனால் அந்த ஒற்றைப் புள்ளியில் விழும் நிகழ்தகவு பூச்சியம் என்பதால் 1/4 மாறாது. விடைகள் வேறுபடுவதற்கு இதைக் காரணம் காட்டுவது தவறு.

பரீட்சையிலோ நேர்முகத்திலோ முறையைச் சொல்லாமல் கேட்டால் எதை எழுதுவது?

முறையை நீங்களே முதல் வரியில் எழுதுங்கள்: "நாணின் முனைகள் பரிதியில் சீராகவும் ஒன்றையொன்று சாராமலும் தெரியப்படுகின்றன எனக் கொள்க." பிறகு 1/3. அல்லது "மையத்திலிருந்து நாணுக்குள்ள தூரம் சீராகப் பரம்பியுள்ளது எனக் கொள்க", பிறகு 1/2. "எழுமாறாக ஒரு நாண்" என்று மட்டும் எழுதிவிட்டு விடையைப் போட்டால், திருத்துபவர் மனதில் வேறு முறை இருந்தால் உங்களுக்குப் புள்ளி கிடைக்காது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒன்று. "சீராக" என்று எழுதினால் மட்டும் போதாது. எது சீராக என்று எழுதவேண்டும்: கோணமா, தூரமா, பரப்பா.